சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து ஏறும் சர்க்கரை

"படுக்கப் போகும்போது 158 தான் டாக்டர். அப்புறம் ஒரு வாய்கூடச் சாப்பிடலை. காலையில பார்த்தா 236. எப்படி?"

கேட்டவருக்கு வயது 26. டைப் 1 நீரிழிவு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாவுச்சத்தைக் கணக்கிட்டு ஊசி போடுவதில் கெட்டிக்காரர். பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்பது அவருடைய கணக்கு. சாதாரணச் சாப்பாட்டுக்கு அது சரியாகவே வேலை செய்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் காலையில் சர்க்கரை இருநூறைத் தாண்டிவிடுகிறது. இதற்கு முன் பார்த்த இடத்தில், "ராத்திரி எதையோ சாப்பிட்டுட்டு மறைக்கிறீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை என்பது, சர்க்கரையை இரவும் பகலும் தொடர்ந்து அளக்கும் சென்சாரின் வரைபடத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த இரவை மணிவாரியாகப் பார்ப்போம். எட்டு மணிக்குச் சீஸ் நிறையப் போட்ட பீட்சா. அட்டைப்பெட்டியில் இருந்த விவரப்படி அவர் சாப்பிட்ட அளவில் மாவுச்சத்து 60 கிராம், கொழுப்பு 42 கிராம், புரதம் 38 கிராம். கணக்குப்படி 6 யூனிட் துரித இன்சுலினை 7.45-க்கே போட்டுவிட்டார். அப்போது சர்க்கரை 128. ஒன்பது மணிக்கு 92. ஒன்பதரைக்கு 74, அம்புக்குறி கீழ்நோக்கி. பயந்துபோய் 15 கிராம் சர்க்கரை உள்ள பழச்சாறு குடித்தார். பதினோரு மணிக்கு 158; நிம்மதியாகப் படுத்தார். ஒரு மணிக்கு 240, மூன்று மணிக்கு 272, காலை ஆறரைக்கு 236.

பழச்சாறுதான் காரணம் என்று அவர் நினைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அவருக்கு ஒரு யூனிட் இன்சுலின் சுமார் 40 புள்ளி இறக்கும், அதாவது பத்து கிராம் மாவுச்சத்து சுமார் 40 புள்ளி ஏற்றும். அப்படியானால் 15 கிராமுக்கு 60 புள்ளி. 74-இலிருந்து 134 வரைக்கும்தான் பழச்சாறு பொறுப்பு. மீதி 138 புள்ளி எங்கிருந்து வந்தது?

கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும், "கொஞ்சம் நிறுத்து" என்று இரைப்பைக்குச் செய்தி போகிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மாவுச்சத்தும் அதோடு சேர்ந்து தாமதமாகக் குடலுக்கு வருகிறது. துரித இன்சுலினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. போட்ட ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நான்கைந்து மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சாப்பாடு வருவதற்குள் இன்சுலின் வந்து நின்றதால்தான் ஒன்பதரைக்கு 74. சாப்பாடு வந்து சேர்ந்தபோது இன்சுலின் கிளம்பிவிட்டது.

கொழுப்பின் வேலை அதோடு முடிவதில்லை. தாமதம் மட்டும்தான் என்றால் அதே 6 யூனிட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டாலே போதும். கொழுப்பு செரித்து இரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடும்போது தசை, இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கல்லீரலும் குளுக்கோஸைக் கூடுதலாக வெளியே விடுகிறது. அதனால் அதே மாவுச்சத்துக்கு இன்சுலின் அதிகம் தேவைப்படுகிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மாவுச்சத்தை மாற்றாமல் கொழுப்பை மட்டும் 10 கிராமிலிருந்து 60 கிராமாக உயர்த்திப் பார்த்தார்கள். சராசரியாக 42 சதவீதம் இன்சுலின் கூடுதலாகத் தேவைப்பட்டது. அப்படியும் சர்க்கரை அதிகமாகவே இருந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது. ஆகவே அந்த 42-ஐ யாரும் தன் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புரதத்தின் வழி வேறு. அது குளுக்ககான் என்ற ஹார்மோனைத் தூண்டுகிறது. நீரிழிவு இல்லாதவருக்கு அதே நேரத்தில் இன்சுலினும் சுரப்பதால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். டைப் 1 உள்ளவருக்குத் தடுக்க ஆள் இல்லை. குளுக்ககான் சொன்னபடி கல்லீரல் குளுக்கோஸை விடும். புரதத்தை மட்டும் தனியாகச் சாப்பிட்டால், சுமார் 75 கிராம் தாண்டினால்தான் இது பெரிதாகத் தெரிகிறது. மாவுச்சத்தோடு சேர்ந்தால் 30 கிராம் அளவிலேயே மூன்று மணி நேரத்துக்குப் பின் ஏற்றம் தெரியலாம். கொழுப்பும் புரதமும் ஒரே தட்டில் இருந்தால் இரண்டின் விளைவும் கூடிக்கொள்ளும்.

இதில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, காலை 236-ஐப் பார்த்ததும் பலர் செய்கிற காரியம். இவரும் அதையே செய்திருந்தார்: இரவு போடும் நீண்டநேர இன்சுலினை 18-இலிருந்து 22 யூனிட்டாக ஏற்றிவிட்டார். பீட்சா சாப்பிட்ட இரவுகளில் அது கொஞ்சம் உதவியது. ஆனால் வாரத்தின் மற்ற இரவுகளில் கொழுப்பு குறைவான சாப்பாடுதான். அந்த இரவுகளில் அதிகாலை நான்கு மணிக்கு 61 வரை இறங்கியிருந்தது, அவர் தூக்கத்திலேயே. வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக்காக ஏழு நாளும் கூட்டிப்போட்ட ஊசி அது. அன்றே 18-க்குத் திரும்பச் சொன்னேன்.

சரி, பிரச்சினை சாப்பாட்டிலா, நீண்டநேர இன்சுலினிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே 60 கிராம் மாவுச்சத்து, ஆனால் கொழுப்பு 10 கிராமுக்குள் இருக்கும் சாப்பாட்டை வேறொரு நாள் அதே எட்டு மணிக்குச் சாப்பிட்டு, அதே 6 யூனிட் போட்டுப் பார்க்க வேண்டும். நடு இரவிலிருந்து காலை வரை கோடு ஏறக்குறைய படுத்திருந்தால் நீண்டநேர இன்சுலின் சரியாக இருக்கிறது. விடியற்காலையில் மட்டும் ஏறினால் அது விடியல் நேர ஹார்மோன்களின் வேலையாக இருக்கலாம். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டு இரவுகளில் மட்டும், சாப்பிட்ட மூன்றாவது மணியில் ஏறத் தொடங்கி மணிக்கணக்கில் மேலேயே நின்றால்தான் கொழுப்பையும் புரதத்தையும் சந்தேகப்பட வேண்டும். சென்சார் இல்லாதவர்கள் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஐந்தாவது மணியிலும் காலையிலும் விரலில் குத்திப் பார்த்தால்தான் இது தெரியவரும். இரண்டு மணி நேர அளவு இந்த மாதிரிச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கும்.

அடுத்து, எவ்வளவு கூட்டுவது. கொழுப்பும் புரதமும் தரும் ஒவ்வொரு 100 கலோரியையும் 10 கிராம் மாவுச்சத்தாக எண்ணும் ஒரு முறை இருக்கிறது. இவருடைய பீட்சாவுக்கு அதைப் போட்டால் கொழுப்பில் 378, புரதத்தில் 152, மொத்தம் 530 கலோரி. அதாவது 53 கிராம் மாவுச்சத்துக்குச் சமம், கூடுதலாக 5 யூனிட்டுக்கும் மேல். 6 யூனிட் போடுகிறவருக்கு இரவு நேரத்தில் இன்னொரு ஐந்தைச் சேர்ப்பது ஆபத்து; இந்த முறையில் தாழ்சர்க்கரை அதிகமாக வருவது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். நான் அதிலிருந்து தொடங்குவதில்லை. 15 முதல் 20 சதவீதம் கூட்டி ஆரம்பித்து, வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவதுதான் என் வழக்கம்.

இவருக்கு 6-இல் 20 சதவீதம் கூட்டினால் 7.2, ஏழு என்று வைத்தோம். அதை இரண்டாகப் பிரித்தோம்: சாப்பிடுவதற்கு 15 நிமிடம் முன் 4 யூனிட், சாப்பிட ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் கழித்து 3 யூனிட். முதல் பங்கை முழுவதுமாகத் தள்ளிப்போடக் கூடாது. பீட்சாவின் மாவு முழுவதும் காத்திருக்காது. கொஞ்சம் முதலிலேயே வரும். இரண்டாவது ஊசிக்கு ஒரு நிபந்தனை வைத்தேன்: அந்த நேரத்தில் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தாலோ அம்பு கீழே சாய்ந்திருந்தாலோ போடக் கூடாது, அரை மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். மாலையில் கடுமையாக ஓடியாடியிருந்தாலோ மது அருந்தியிருந்தாலோ கூடுதல் யூனிட்டே வேண்டாம்.

இன்சுலின் பம்ப் வைத்திருப்பவர்கள் இதையே ஒரே கட்டளையில் செய்யலாம்: 60 அல்லது 70 சதவீதம் உடனே, மீதி இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பரவலாக. தானாகவே அளவை மாற்றும் பம்ப் என்றால் ஏற்றத்தைக் கண்டு அதுவே கொஞ்சம் கூட்டிவிடும். அதற்குத் தெரியாமல் பேனாவில் தனியாக ஊசி போடுவது தவறு, உடம்பில் இருக்கும் இன்சுலின் எவ்வளவு என்று அது தப்பாக எண்ணும். துரித இன்சுலினுக்குப் பதில், இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும் பழைய சாதாரண இன்சுலினே சிலருக்கு இந்த மாதிரிச் சாப்பாட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. கலப்பு இன்சுலின் போடுபவர்களுக்கு மட்டும் இப்படிப் பிரிக்க வழியில்லை. அவர்கள் தட்டில் கொழுப்பைக் குறைப்பதுதான் நடக்கிற காரியம்.

இரைப்பை ஏற்கெனவே மந்தமாக உள்ளவர்கள், இரைப்பையை மெதுவாக்கும் வாராந்தர ஊசி போடுபவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு மேலே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும். மற்றவர்களும் முதல் மாற்றத்தைக் கேட்டுக்கொண்டு செய்வதே நல்லது.

நடு இரவில் 270-ஐப் பார்த்துப் பதறி ஊசிமேல் ஊசி போடுவது நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு. ஒன்று போட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கவில்லை என்று இன்னொன்று, அதற்கும் இறங்கவில்லை என்று மூன்றாவது. கொழுப்பின் பிடியில் முதல் ஊசி மெதுவாகத்தான் இறக்கும். காலை நான்கு மணிக்குப் பிடி தளரும்போது மூன்றும் சேர்ந்து இழுக்கும். ஒரு திருத்த ஊசிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

அவர் அடுத்த வாரம் அதே பீட்சாவை அதே எட்டு மணிக்குச் சாப்பிட்டார். ஒன்பதரைக்கு 126, இரண்டாவது ஊசியைப் போட்டார். ஒரு மணிக்கு 188, மூன்று மணிக்கு 204, காலையில் 181. பழச்சாறு தேவைப்படவில்லை. அதற்கடுத்த முறை மொத்தத்தை எட்டாக்கி, முன்னால் 4, பின்னால் 4 என்று வைத்தோம். இரண்டாவது ஊசியின் வேலை இரண்டு மணிக்குள் ஏறக்குறைய முடிந்திருக்கும் என்பதால், அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டு மணிக்கு 162. காலையில் 144. அந்த வரைபடத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார், கீழே ஒரே ஒரு வரி: "ராத்திரி நான் எதுவும் சாப்பிடலைன்னு இப்பவாவது நம்புவாங்களா?"