பேக் கேம், ஹோல்டிங் கேம்: பிடியாட்டம்

இருவர் தாயம் உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கேமனை ஆடுகிறவர்கள் ‘பேக் கேம்’, ‘ஹோல்டிங் கேம்’ என்ற இரண்டு சொற்களையும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டிலும் ஆடுபவர் ஓட்டத்தில் பின்தங்கியிருக்கிறார். இரண்டிலும் எதிராளியின் வீட்டுக்குள், அதாவது அவர் காய்கள் கடைசியில் வந்து சேரும் ஆறு கட்டங்களுக்குள், அல்லது அதை ஒட்டிக் காய்களை வைத்துக்கொண்டு வெட்டுக்காகக் காத்திருக்கிறார். ஆனால் ஒன்றில் தோற்றால் பெரும்பாலும் ஒற்றைத் தோல்வி. மற்றதில் இரட்டைத் தோல்வி எப்போதும் பக்கத்திலேயே நிற்கும்.

முதலில் ஆங்கர். எதிராளியின் வீட்டில் ஒரே கட்டத்தில் நம் காய் இரண்டு சேர்ந்து நிற்பதற்கு இந்தப் பெயர். அந்தக் கட்டத்தில் அவர் காய் வைக்க முடியாது. நாம் வெட்டுப்பட்டாலும் திரும்ப இறங்க அங்கே இடம் உண்டு. இதற்கு நாம் சொல்லும் நங்கூரம் பாரசீகத்தின் லங்கரிலிருந்து வந்தது. இதே ஆட்டத்தின் மூத்த வடிவமான நர்த்தும் அந்த மண்ணில் ஆடப்பட்டதுதான் என்பதால் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆடும்போது வாயில் எளிதாக வருவது ‘பிடி’. மல்யுத்தத்தில் விடாமல் பற்றிக்கொள்வதும் பிடிதானே.

ஹோல்டிங் கேம் என்பது ஒரே ஒரு பிடியை, அதுவும் முன்னேறிய பிடியை, விடாமல் ஆடுவது. அவரவர் வீட்டின் கடைக்கோடியிலிருந்து எண்ணினால், எதிராளியின் 4 அல்லது 5-ஆம் கட்டம்; வீட்டுக்குச் சற்று வெளியே உள்ள 7-ஆம் கட்டமும் இதில் சேரும். ‘காத்திருப்பு ஆட்டம்’ என்று பெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். காத்திருக்கும்போதே அவர் காய்கள் வரும் வழியை நாம் குறிவைத்திருக்கிறோம். ‘பிடியாட்டம்’ என்பதே பொருந்தும்.

பேக் கேமில் பிடி இரண்டு. உதாரணமாக அவருடைய 2, 3-ஆம் கட்டங்கள் அல்லது 2, 4-ஆம் கட்டங்கள். ‘பேக்’ இங்கே பின்னால் தங்கிவிட்ட காய்களைக் குறிக்கிறது. முதுகு, திரும்புதல் என்ற பொருள்களுக்கு இங்கே வேலையில்லை. ‘இரட்டைப்பிடி ஆட்டம்’ என்று சொன்னால் வேறுபாடு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இப்போது ஒரு நிலை. எனக்கு எதிராளியின் 5-ஆம் கட்டத்தில் 2 காய். என் பக்கத்தில் 8-இல் 3, 6-இல் 4, 5, 4, 3-இல் இரண்டிரண்டு. பழமாக்க நான் கடக்க வேண்டியது மொத்தம் 112 அடி. எதிராளிக்கு அவருடைய எண்ணிக்கையில் 13-இல் 2, 8-இல் 2, 6-இல் 4, 4-இல் 3, 3, 2-இல் இரண்டிரண்டு. மொத்தம் 88. நான் 24 அடி பின்னே, அதாவது ஏறக்குறைய 3 வீச்சு. வெறும் ஓட்டமாக இருந்தால் ஆட்டம் முடிந்தது போலத்தான்.

ஆனால் 13-இல் நிற்கும் அவருடைய இரண்டு காய்களும் என் பிடியைத் தாண்டி வீட்டுக்குள் வர வேண்டும். அவருக்கு 6-5 விழுகிறது என்று வைப்போம். ஒரு காயை 13-இலிருந்து 2-க்குக் கொண்டுபோனால், மற்றது தனியே நிற்கும். அது எனக்கு 8 தொலைவு. 36 வீச்சுகளில் 6 அதை வெட்டும். இதைத் தவிர்க்க 8-ஆம் கட்டத்தை உடைத்து இரண்டு காயையும் உள்ளே போடலாம். இந்த முறை ஆபத்து இல்லை, ஆனால் 13-இல் உள்ளவை இறங்கி நிற்கும் நடுப்படி போய்விடும். 8-ஐ வைத்துக்கொண்டே தனிக்காய் 11-க்கு வந்து நிற்க நேர்ந்தால் எனக்கு 36-இல் 16 வீச்சு கிடைக்கும்; கிட்டத்தட்ட பாதி.

வெட்டிய பிறகு என் வீட்டில் 4 கட்டம் மூடியிருக்கிறது. அவர் 36-இல் 16 முறை இறங்கவே முடியாது. என் வீடு ஒழுங்காக இருக்கும் வரைதான் இந்தப் பிடிக்கு மதிப்பு. 8-இல் உள்ள மூன்றும், 6-இல் மிகுதியாக உள்ள இரண்டும்தான் என் கைச்செலவுக் காய்கள். இரண்டு மூன்று வீச்சில் அவை தீர்ந்தால் 6, 5-ஆம் கட்டங்களை நானே உடைக்க நேரும். அப்போது வெட்டு கிடைத்தாலும் அவர் சுலபமாக இறங்கிவிடுவார். அந்த நேரம் நெருங்குகிறதா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் எண்ண வேண்டும்.

பிடியை விட வேண்டிய வீச்சும் உண்டு. இதே நிலையில் எனக்கு 6-6 விழுந்தால் இரண்டு காயும் நேராக என் 8-க்கு ஓடிவிடும். 112-இல் 24 போக 88, அவரும் 88. முதல் வீச்சு அவருடையது என்பதால் அவர் சற்று முன்னே, ஆனாலும் இழந்த ஓட்டம் மீண்டுவிட்டது. ‘பிடி’ என்ற சொல்லில் மயங்கி இதை விட்டுவிட்டு அங்கேயே நிற்பது தவறு.

இரட்டைப்பிடியில் இப்படித் தப்பி ஓடும் வழி கிடையாது. நான்கு காய் ஆழத்தில் கிடக்கும். அவை வெளியே வருவதற்குள் அவர் பழமாக்கத் தொடங்கிவிடலாம். அதனால் வெட்டு கிடைக்கும்வரை மற்றக் காய்கள் நகர இடம் வேண்டும், அதற்கு ஓட்டத்தில் மிக ஆழமாகவே பின்தங்கியிருக்க வேண்டும். வெட்டே கிடைக்காவிட்டால் ஒரு காய்கூடப் பழமாகாமல் முடிந்து தோல்வி இரட்டிப்பாகும்; அதற்குப் பெயர்தான் கேமன். தொடக்கத்திலிருந்தே விரும்பி இதில் இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சரியல்ல. தொடர்ந்து வெட்டுப்பட்டு வேறு வழியில்லாதபோது கைக்கொள்ள வேண்டியது இது. பிடியாட்டம் கைக்கு எட்டும்போது அதையே எடுக்க வேண்டும்.