பலகையில் ஏறும் 200 கிலோ: எவ்வளவு பின்னால் இழுக்கும்?

சக்கரம் வைத்த 200 கிலோ ஜெனரேட்டரை மினி லாரியில் ஏற்றப் பலகையைச் சாய்க்கும்போது, "நாலு பேர் இருக்கோம், புடிச்சுக்கலாம்" என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. எத்தனை கிலோவைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்ல ஒரு அளவு டேப் போதும்.

லாரியின் தளம் தரையிலிருந்து 75 செ.மீ., பலகை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை நீளத்தால் வகுத்தால் 0.25. அதுதான் sin θ. சாய்வு சுமார் 14.5°. எடை நேர் கீழே இழுக்கிறது. அதை இரண்டாகப் பிரித்தால், சரிவு வழியாக 200 × 0.25 = 50 கிலோ, பலகைக்குச் செங்குத்தாக 200 × cos θ, அதாவது சுமார் 194 கிலோ. (நியூட்டனில் வேண்டுமென்றால் 9.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.) முதலாவது இயந்திரத்தைப் பின்னால் இழுக்கிறது. இரண்டாவது பலகையை அழுத்துகிறது, அவ்வளவுதான்.

sin எது, cos எது என்று குழம்பினால் பலகையைத் தரையில் படுக்கப் போட்டதாக நினையுங்கள். கோணம் 0°, பின்னிழுப்பும் பூஜ்யமாக வேண்டும். Sin 0° தான் பூஜ்யம். படம் வரைபவர்கள் செய்யும் இன்னொரு பிழை, எடையையும் அதன் இரு கூறுகளையும் சேர்த்து மூன்று விசைகளாக எண்ணுவது. பிரித்த பிறகு பழைய அம்புக்குறியை அடித்துவிடுங்கள்.

இப்போது நீளப் பலகை கிடைக்கவில்லை, 1.5 மீட்டர் பலகைதான் இருக்கிறது. sin θ = 0.5, கோணம் 30°. பின்னிழுப்பு 100 கிலோவாக இரட்டிக்கிறது. அழுத்தமோ 194-இலிருந்து 173 ஆகக் குறைகிறது. ஆபத்தே இங்கேதான். குட்டைப் பலகை குறைவாக வளையும், காலுக்கு உறுதியாகத் தெரியும். "பலகை நல்லா தாங்குது" என்று நம்பி ஏற்றுகிறவர் மேல், பலகையில் தெரியாத அந்த 100 கிலோ திரும்பி வருகிறது. அதையும் சரிவு வழியாகத் தள்ளாமல் கிடைமட்டமாகத் தள்ளினால், பிடித்து நிறுத்தவே 200 × tan 30°, அதாவது சுமார் 115 கிலோ வேண்டும். தள்ளும் பலத்தில் ஒரு பங்கு பலகையை அழுத்துவதில் வீணாகிறது.

சக்கரமில்லாத பெட்டியை உராய்வு பிடித்துக்கொள்ளும், ஆனால் tan θ உராய்வுக் கெழுவைத் தாண்டாத வரைதான். 14.5°-க்கு tan θ 0.26. காய்ந்த பலகையில் கெழு 0.3 இருந்தால் பெட்டி நிற்கும். மழையில் நனைந்து 0.2 ஆனால் சறுக்கும். இதில் எடை எங்கும் வரவில்லை: லேசான பெட்டியும் அதே கோணத்தில்தான் சறுக்கும்.

சக்கரத்துக்கு அந்த உராய்வுப் பிடிப்பும் கிடையாது. ஒவ்வொரு அடி ஏறியதும் பின்சக்கரத்தின் கீழே கட்டை வைக்க ஓர் ஆள் வேண்டும். அவர் நடக்க வேண்டியது பலகைக்குப் பக்கவாட்டில், இயந்திரத்துக்குப் பின்னால் அல்ல.