கரையிலிருந்து 20.5 கடல் மைல்: அங்கே யாருடைய சட்டம் செல்லும்?

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ‘செயின்ட் ஆண்டனி’ என்ற மீன்பிடிப் படகின்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. சுட்டவர்கள், ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு வந்த அந்நாட்டுக் கடற்படையினர். கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டதாகச் சொன்னார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தனர். ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். கேரளப் போலீஸ் கொலை வழக்குப் பதிந்து இரண்டு பேரைக் கைது செய்தது. அந்த வழக்கு முடிய ஒன்பது ஆண்டுகள் ஆயின. சம்பவ இடம் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில் இருந்தது இழுபறிக்கு ஒரு முக்கியக் காரணம்.

கடலில் தூரத்தை அளக்கத் தொடங்கும் இடம் ‘அடிக்கோடு’. பொதுவாக, நீர் நன்றாக வற்றும்போது தெரியும் கரையோரம்தான் அது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை, ஆட்சிக்கடல். நீர், அடித்தரை, மேலுள்ள வான்வெளி எல்லாம் கரை நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டவை. அயல்நாட்டுக் கப்பல் தீங்கு செய்யாமல் கடந்துபோகலாம். ஆனால் வலை வீசக் கூடாது, நீர்மூழ்கியாக இருந்தால் மேலே வந்து கொடியைக் காட்டிச் செல்ல வேண்டும்.

12 முதல் 24 கடல் மைல் வரை ஒட்டிய மண்டலம். துப்பாக்கிச் சூடு நடந்தது இங்கேதான். பெயரைக் கேட்டால் ஆட்சிக்கடலின் நீட்சிபோலத் தோன்றும், அது அப்படியன்று. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இங்கே கரை நாட்டுக்குத் தருவது சுங்கம், வரி, குடியேற்றம், சுகாதாரம் ஆகிய நான்கில் மட்டும் கண்காணிப்பு அதிகாரம். கடத்தல்காரனை மடக்கலாம். கொலையை விசாரிக்கும் அதிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவின் 1976ஆம் ஆண்டுக் கடல் மண்டலச் சட்டம் நாட்டின் பாதுகாப்பையும் இதில் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

எனவே இத்தாலி, ‘சம்பவம் உங்கள் ஆட்சிக்கடலுக்கு வெளியே, எங்கள் கொடி பறக்கும் கப்பலில் நடந்தது’ என்று வாதிட்டது. இறந்தவர்கள் இந்தியர்கள், குண்டு பட்டது இந்தியப் படகு என்றது இந்தியா. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைலைத் தாண்டாது, ஆகவே கேரளம் வழக்கு நடத்த முடியாது, மத்திய அரசு நடத்தலாம் என்று தீர்ப்பளித்தது. மாநிலப் போலீஸின் உடனடி நடவடிக்கையைப் பாராட்டியவர்களுக்கு இது கசந்திருக்கும். ஆயினும் சட்டப்படி அந்தக் கோடு அங்கேதான் இருக்கிறது.

பிறகு விவகாரம் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2020இல் வந்த தீர்ப்பு இரு பக்கமும் வெட்டியது. இத்தாலி இந்தியப் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை மீறியது, இழப்பீடு தர வேண்டும். ஆனால் சுட்டவர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்திய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது. இழப்பீடாக 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்டதும் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது.

துப்பாக்கிச் சூடு நடந்த இடம் வேறொரு மண்டலத்துக்குள்ளும் அடங்கும். அடிக்கோட்டிலிருந்து 200 கடல் மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். மீன், எண்ணெய், காற்றாலை மின்சாரம் என அங்கிருந்து எடுக்கக்கூடிய வளத்தின்மீது உரிமை கரை நாட்டுக்கே. இந்தியாவின் அனுமதியின்றி அயல்நாட்டுப் படகு அங்கே மீன்பிடித்தால் கடலோரக் காவல்படை பிடிக்கலாம். அதே படகு வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கடந்துபோனால் தடுக்க முடியாது. அங்கே கடற்பயணம் எல்லாருக்கும் பொது. இரு நாட்டுக் கரைகளும் அருகருகே இருக்கும் பாக் நீரிணையில் இந்தத் தூரங்களுக்கெல்லாம் இடமே இல்லை. அங்கே இந்தியாவும் இலங்கையும் 1974இல் ஒப்பந்தம் போட்டு எல்லைக்கோடு வரைந்துகொண்டன.

கண்டத்திட்டு நீரைப் பற்றியதன்று, அடித்தரையைப் பற்றியது. நிலம் கடலுக்கடியில் சரிந்து நீளும் பகுதியும், அதன் கீழுள்ள எண்ணெயும் கனிமங்களும், தரையோடு ஒட்டி வாழும் சிப்பி போன்ற உயிர்களும் கரை நாட்டுக்கு உரியவை. இதற்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை. உரிமை தானாகவே வருகிறது. நிலம் அப்படி நீளும் தூரம் குறைவாக இருந்தாலும் 200 கடல் மைல் உறுதி. அதற்கு மேலும் நீள்கிறது என்று கோருபவர்கள் ஆழ அளவீடுகளையும் வண்டல் படிவின் தடிமனையும் ஐ.நா. உடன்படிக்கையின்படி அமைந்த கண்டத்திட்டு எல்லை ஆணையத்திடம் காட்ட வேண்டும். இந்தியா தன் கோரிக்கையை 2009இல் கொடுத்தது. கோரிக்கை ஏற்கப்பட்டாலும் 200 கடல் மைலுக்கு அப்பால் மேலே உள்ள நீர் பொதுக்கடல்தான்: அடியில் துளையிட இந்தியாவின் அனுமதி வேண்டும், மேலே சூரைமீன் பிடிக்க அது தேவையில்லை.