கன்னியாடா, வரையாடா? பாறைச் சரிவுப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும்

நான் கால்நடை மருத்துவர். தாம்பரம் பக்கம் வேலை. பகலில் என் கையில் இருப்பவை வெள்ளாடுகள். இரவில் வாட்ஸ்அப்பில் வருபவை மலைப் படங்கள். வால்பாறை, மூணாறு, ஸ்பிதி என்று போய்வந்த சென்னை நண்பர்கள் பாறைமேல் நிற்கும் விலங்கைப் படம் எடுத்து, "டாக்டர், இது வரையாடுதானே?" என்று கேட்பார்கள். சில படங்கள் வரையாடு. நிறைய படங்கள் ஊர் ஆடு. இரண்டையும் பிரிப்பதில் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் முதலில் பார்ப்பது இடத்தை. மேற்குத் தொடர்ச்சி மலை, செங்குத்தான பாறை, அதன் நுனியில் ஒரு கறுத்த உருவம். அப்படியென்றால் வரையாடு என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் வெள்ளாடு பாறை ஏறுவதில் யாருக்கும் குறைந்ததல்ல. பல்லாவரம் மலைப் பக்கம் மேயும் ஆடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாறையில் நிற்பது அடையாளம் ஆகாது. கொம்பும் தோலும்தான் அடையாளம்.

போன மாதம் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் எடுத்த படம் ஒன்று வந்தது. ஆறு விலங்குகள். எல்லாமே கறுப்பு. முகத்தின் இரு பக்கமும் கண்ணுக்கு மேலிருந்து மூக்குவரை வெளிர் கோடு. அனுப்பியவர் சும்மா கேட்கவில்லை. "வரையாட்டுக் கிடாய்க்கு முகத்தில் வெளிர் கோடு உண்டென்று படித்தேன் சார், பாருங்கள், ஆறுக்கும் இருக்கிறது" என்று காரணத்தோடு எழுதியிருந்தார். அவர் படித்தது சரிதான். வளர்ந்த வரையாட்டுக் கிடாயின் முகத்தில் வெளிர் கோடு உண்டு, கண்ணைச் சுற்றியும் வெளிறியிருக்கும். ஆனால் அந்த ஆறும் கன்னி ஆடுகள்.

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் சொந்த இனம் கன்னி. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி என்பார்கள். மற்ற ஊர் ஆடுகளை இனம் காண்பது எளிது. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று புள்ளி என்று மந்தைக்குள்ளேயே நிறம் கலந்து கிடக்கும். காட்டு விலங்கில் அப்படி இருக்காது. ஒரே வயது, ஒரே பால் என்றால் எல்லாம் ஒரே நிறம். கன்னி இந்த விதியை ஏமாற்றிவிடுகிறது, ஏனென்றால் அதை வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கோட்டைப் பார்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதனால் மந்தை முழுக்க ஒரே மாதிரி இருக்கும், தூரத்தில் காட்டு விலங்குபோலத் தோன்றும்.

அந்தப் படத்தை நான் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் கொம்பின் அடி. வரையாட்டுக்கு இரண்டு கொம்பும் நெற்றியில் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் கிளம்பி, ஒன்றாக மேலே எழும்பி, ஒரே சீரான வளைவில் பின்னோக்கிப் போகும். நுனி மட்டும் சற்று விலகும். முறுக்கு கிடையாது. வளர்ந்த கிடாய்க்கே 40 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் நீளம். மேற்பரப்பில் குறுக்காக நெருங்கிய சுருக்கங்கள் இருக்கும், பெரிய முடிச்சுகள் இருக்காது. படத்தில் இடது ஓரத்தில் நின்ற கிடாயின் கொம்போ வெளியே பரந்து, நுனிக்குப் போகும்போது ஒரு திருகு திருகியிருந்தது. இது வெள்ளாட்டுக் கொம்பு. அப்புறம், ஆறில் இரண்டுக்குக் கொம்பே இல்லை. வளர்ந்த வரையாட்டில் கிடாய், பெட்டை இரண்டுக்கும் கொம்பு உண்டு. பெட்டையுடையது மெலிந்தது, அவ்வளவுதான். வளர்ந்த விலங்கில் மொட்டைத் தலை தெரிந்தால் அத்தோடு கேள்வி முடிந்தது.

அடுத்து முதுகு. வரையாட்டுக் கிடாய் வயதாக ஆகக் கறுத்துக்கொண்டே போகும். ஆனால் முதுகின் நடுவில், சேணம் போட்டதுபோல, வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு விழும். கன்னியின் முதுகு மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. அதன் வெளிர் நிறம் அடிவயிற்றிலும் காலின் உட்புறத்திலும்தான் இருக்கும். வரையாட்டுப் பெட்டையும் குட்டியும் கறுப்பாகவே இருக்காது, மங்கிய சாம்பல் பழுப்பு. ஆகவே ஒரு கூட்டமே கருகருவென்று இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். பெட்டை, குட்டி, கிடாய் எல்லாம் ஒரே கறுப்பாக உள்ள வரையாட்டுக் கூட்டம் இல்லை.

மூன்றாவதாகத் தாடையும் காதும். வரையாட்டுக்குத் தாடி கிடையாது, கிடாய்க்கும் கிடையாது. காது சிறியது, தொங்காது. படத்தில் இருந்தவற்றுக்கு இலைபோல் தொங்கும் காது. வாலையும் மேலே தூக்கியிருந்தன; அது வெள்ளாட்டின் வழக்கம்.

இமயமலைப் படங்களுக்கு இந்த அளவுகோல் மாறும். ஸ்பிதி, லடாக் பக்கம் பாறையில் நிற்பது ஐபெக்ஸாக இருக்கலாம். அது வெள்ளாட்டின் நெருங்கிய உறவு, கிடாய்க்குத் தாடி உண்டு. எனவே தாடியை வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கே கொம்புதான் பேசும். வளர்ந்த ஐபெக்ஸ் கிடாயின் கொம்பு அரிவாள்போல் பின்னோக்கி வளைந்து, ஒரு மீட்டரையும் தாண்டும். அதன் முன்பக்கத்தில் கணுக்கணுவாகத் தடித்த முடிச்சுகள் இருக்கும். அங்குள்ள வீட்டு ஆடுகளுக்கும் நீண்ட கொம்பு உண்டு, ஆனால் திருகி வெளியே விரியும். ஐபெக்ஸ் பெட்டைக்கு மெல்லிய சிறு கொம்புதான், தனியாக நின்றால் தடுமாற்றம் வரும். உத்தராகண்ட் பக்கத்தில் இருக்கும் இமாலயத் தார் என்ற காட்டு விலங்கை இனம் காண்பது எளிது: கழுத்தையும் தோளையும் சுற்றிச் சிங்கத்துப் பிடரிபோல் நீண்ட மயிர், நம் வரையாட்டுக்கு இருப்பதோ குட்டை மயிர்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது, எனக்கு அதுதான் அதிகக் கவலை. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடுகள் சாலை ஓரத்துக்கே வந்து நிற்கும். சாம்பல் பழுப்புப் பெட்டை, அருகில் குட்டி, பயமே இல்லை. யாரோ வளர்ப்பவரின் ஆடு என்று நினைத்து, காரை நிறுத்தி பிஸ்கட் நீட்டியவர்களின் படம் எனக்கு வந்திருக்கிறது. அது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தே 1,031தான் எண்ணினார்கள். தின்பண்டத்துக்குப் பழகிய விலங்கு வண்டிகளுக்கு நடுவே வந்து நிற்கும். அந்தப் படத்திலும் கொம்பின் அடி ஒட்டியிருந்தது, காது தொங்கவில்லை. இரண்டு நொடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

படம் எடுப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: தூரத்திலிருந்தே தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று, முதுகு தெரியும் முழு உடல் ஒன்று, கூட்டம் முழுவதும் ஒன்று. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல், ஃபைலாக அனுப்புங்கள். சுருங்கிய படத்தில் கொம்பின் சுருக்கம் கரைந்துவிடும். மழையில் நனைந்த பழுப்பு கறுப்பாகத் தெரியும், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புதான். இப்படித்தான் அகத்தியமலைப் பக்கம் அந்தி வானத்துக்கு எதிராக எடுத்த அருமையான படம் ஒன்று வந்தது. இரண்டு கொம்பும் ஒரே கோடாகத் தெரிந்தன, முதுகு வெறும் நிழல். வரையாடு வாழும் மலைதான், வரையாடாகவே இருக்கலாம். ஆனாலும் பதிவில் "உறுதியில்லை" என்றுதான் எழுதி வைத்தேன்.