திண்ணைச் சாய்ப்புக்கு 12 மி.மீ. கம்பி போதுமா? ஒரு வடிவமைப்புக் கணக்கை ஒழுங்காகப் போடும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணைக்கு முன்னால் தகரச் சாய்ப்பு இறக்க வேண்டும் என்றால், தூண் ஊன்றாமலேயே இறக்க முடியும். சுவரிலிருந்து ஓர் இரும்புக் கையை நீட்டி, அதன் நுனிப்பக்கத்தை மேலே சுவரோடு கம்பியால் இழுத்துக் கட்டினால் போதும். பொறியியல் மாணவர்களுக்கு வடிவமைப்பு அசைன்மென்ட்டாகக் கொடுக்கவும் இது நல்ல கணக்கு. பார்க்க எளிது. ஆனால் வரிசை தப்பினால், எல்லா எண்களும் சரியாக வந்தும் விடை தவறாகப் போய்விடும்.

கணக்கை இப்படி வைத்துக்கொள்வோம். கையின் நீளம் 2 மீட்டர். அது சுவரில் பொருந்தும் இடம் A. A-யிலிருந்து 1.6 மீட்டர் தள்ளிக் கையில் B என்ற புள்ளி. A-க்கு நேர் மேலே 1.2 மீட்டர் உயரத்தில் சுவரில் C. B-யையும் C-யையும் இணைப்பது கம்பி. அதன் நீளம் சரியாக 2 மீட்டர். இப்படிப்பட்ட கைகள் 1.5 மீட்டருக்கு ஒன்று. பட்டறையில் 12 மி.மீ. கம்பி போதும் என்கிறார்கள். போதுமா என்பதுதான் கேள்வி.

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் அனுமானங்களை எழுத வேண்டும். 'எடை சீராகப் பரவியுள்ளது', 'இணைப்புகள் எல்லாம் கீல் இணைப்புகள்' என்று பாடப்புத்தகத்து வரிகளை இறக்கிவைப்பதால் பயனில்லை. ஒவ்வோர் அனுமானத்துக்கும் ஓர் எண், அந்த எண் எங்கிருந்து வந்தது, அது தவறினால் எது மாறும் என்ற மூன்றும் வேண்டும். இந்தக் கணக்கில் முக்கியமானவை சிலதான். தகரம், அதைத் தாங்கும் சட்டம், கை எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 கிலோ என்று எடுக்கிறோம். பழுது பார்க்க ஆள் ஏறுவதற்கான சுமையாக, ஆள் புழங்காத கூரைக்கு IS 875 இரண்டாம் பகுதி சொல்லும் சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன். கை கிடைமட்டமாக இருப்பதாகக் கொள்கிறோம். தண்ணீர் வடியக் கொடுக்கும் சிறிய சரிவால் கோணம் கொஞ்சம் மாறும், விடை பெரிதாக மாறாது. நடுவில் உள்ள கையைத்தான் கணக்கிடுகிறோம். இரண்டு ஓரங்களிலும் உள்ள கைகளுக்குப் பாதி அகலச் சுமைதான் வரும். பாதுகாப்புக் காரணிகள் இன்னும் சேர்க்கப்படவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால், திருத்துபவருக்கு அது மறதியா முடிவா என்று தெரியாது.

இனி அலகு. 15 கிலோ என்பது நிறை. அதை 9.81-ஆல் பெருக்கினால்தான் விசை: 147 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 0.15 கிலோநியூட்டன். 15-ஐ அப்படியே நியூட்டன் என்று கொண்டால் 0.015 ஆகிவிடும், பக்கத்தில் 0.75 இருப்பதால் கூட்டுத்தொகையில் அந்தப் பிழை கண்ணுக்கே படாது. இரண்டையும் கூட்டினால் சதுர மீட்டருக்கு 0.90 கிலோநியூட்டன். 1.5 மீட்டர் இடைவெளியால் பெருக்கினால் கையின் ஒரு மீட்டருக்கு 1.35 கிலோநியூட்டன். 2 மீட்டர் கைக்கு மொத்தம் 2.7 கிலோநியூட்டன், அது A-யிலிருந்து 1 மீட்டரில், கையின் நடுவில் செயல்படும்.

இப்போது ஃப்ரீ பாடி டயகிராம். கையை மட்டும் தனியாகப் பிரித்து வரைய வேண்டும். சுவரை வரையவே கூடாது; சுவர் இருந்த இடத்தில் அது தரும் விசைகள்தான் நிற்க வேண்டும். A-யில் இரண்டு விசைகள்: கிடையாக Ax, செங்குத்தாக Ay. B-யில் கம்பியின் இழுவிசை T. அதன் அம்பு B-யை விட்டு விலகி C-யை நோக்கிப் போக வேண்டும். நடுவில் 2.7 கிலோநியூட்டன் கீழ்நோக்கி.

இங்கே வழக்கமாக மூன்று தவறுகள் வரும். முதலாவது, பரவிய சுமையையும் அதன் மொத்தத்தையும் ஒரே படத்தில் வரைந்து இரண்டு முறை கணக்கில் சேர்ப்பது. இரண்டாவது, Ay-யை விட்டுவிடுவது; செங்குத்துச் சுமை முழுவதையும் கம்பியே தூக்குகிறது என்ற நினைப்பு அது. மூன்றாவது, கம்பி சுவரை இழுக்கும் திசையைக் கையின் படத்தில் போடுவது. அந்த விசை சுவருக்கு உரியது, அதற்குத் தனிப் படம் வேண்டும்.

கம்பியின் சாய்வு 3-4-5 முக்கோணம். ஆகவே செங்குத்துக் கூறு 0.6 T, கிடைக்கூறு 0.8 T.

```
A-ஐப் பற்றிய திருப்புத்திறன்:  0.6 T × 1.6 = 2.7 × 1.0
T  = 2.7 / 0.96       = 2.81 kN
Ax = 0.8 × 2.81       = 2.25 kN
Ay = 2.7 − 0.6 × 2.81 = 1.01 kN
```

முதல் வரியின் இரு பக்கமும் கிலோநியூட்டன்-மீட்டர், அலகு சரி. ஆனால் அலகுச் சோதனைக்கு எல்லாப் பிழையும் அகப்படாது. 0.6-க்குப் பதில் 0.8 போட்டாலும் அலகு சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவற்றுக்கு அலகே இல்லை. அதனால் பயன்படுத்தாத ஒரு புள்ளியைப் பற்றி மறுபடி திருப்புத்திறன் எடுத்துப் பார்க்க வேண்டும். C-ஐப் பற்றி எடுத்தால், Ax தருவது 2.25 × 1.2 = 2.7, சுமை தருவது 2.7 × 1.0 = 2.7. பொருந்துகிறது. இந்த ஒரு வரியை விடைத்தாளில் எழுதிவைப்பது அரைப் பக்க விளக்கத்தைவிட மேல்.

12 மி.மீ. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 113 சதுர மி.மீ. 2,810 நியூட்டனை அதால் வகுத்தால் தகைவு சதுர மி.மீட்டருக்கு 25 நியூட்டன். சாதாரண இரும்பின் நெகிழ்வுத் தகைவு 250. பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. 'கம்பி பாதுகாப்பானது' என்று எழுதி அடிக்கோடு போட்டு முடித்துவிடும் இடம் இதுதான். விடை தவறாவதும் இங்கேதான்.

எழுதாமல் போன ஓர் அனுமானம் இருக்கிறது: சுமை எப்போதும் கீழ்நோக்கியே வரும் என்பது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், மூன்று பக்கமும் திறந்த தகரச் சாய்ப்பின் அடியில் காற்று புகுந்தால் அதை மேலேதான் தூக்கும். வடிவமைப்புக் காற்றின் வேகம் விநாடிக்கு 39 மீட்டர் என்று கேள்வியில் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். IS 875 மூன்றாம் பகுதியின்படி அழுத்தம் 0.6 V². அதாவது 0.6 × 39² = 913; சதுர மீட்டருக்கு 0.91 கிலோநியூட்டன். தூக்கும் அழுத்தக் கெழுவை இப்போதைக்கு 1 என்று அனுமானமாக எழுதிக்கொள்வோம். முழு விடையில் அதை அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும்.

அந்த 0.6 வெறும் எண் அல்ல. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, அதில் பாதி. அதை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கும்போது, வேகம் விநாடிக்கு மீட்டரில் இருந்தால்தான் விடை சதுர மீட்டருக்கு நியூட்டனாக வரும். அதே காற்றை மணிக்கு 140 கி.மீ. என்று போட்டுப் பெருக்கினால் அழுத்தம் கிட்டத்தட்ட 13 மடங்கு ஏறிவிடும். சதுர மீட்டருக்கு 11 கிலோநியூட்டனுக்கு மேல் என்றால் ஒரு டன்னுக்கும் அதிகம். காற்றழுத்தம் அப்படி வந்தால் பெருக்கலைத் திருத்துவதற்கு முன் அலகைப் பார்க்க வேண்டும்.

தூக்கும் 0.91-இலிருந்து தகரத்தின் எடை 0.15-ஐக் கழித்தால் 0.76 மிச்சம். ஆள் சுமையை இங்கே கழிக்கவே கூடாது. புயல் அடிக்கும் நேரத்தில் கூரைமேல் யாரும் நிற்கமாட்டார்கள். 0.76 × 1.5 × 2 = 2.28 கிலோநியூட்டன், மேல்நோக்கி. படத்தில் நடு அம்பை மட்டும் திருப்பிப் போட்டு அதே சமன்பாட்டை எழுதினால் T = −2.28 / 0.96 = −2.38 கிலோநியூட்டன்.

அந்தக் கழித்தல் குறியைக் 'கணக்கில் எங்கோ சறுக்கல்' என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழிக்கக் கூடாது. இழுவிசை என்று அனுமானித்த கம்பியில் இப்போது அமுக்கவிசை வந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். 2 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி அமுக்கத்தை எவ்வளவு தாங்கும்? ஆய்லர் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம்.

```
I   = π d⁴ / 64 = π × 12⁴ / 64 = 1018 mm⁴
Pcr = π² E I / L²
    = 9.87 × 200000 × 1018 / 2000²
    = 502 N
```

அலகுகள்: N/mm² × mm⁴ ÷ mm² = N. நீளத்தை மீட்டரில் 2 என்றே விட்டால் விடை பத்து லட்சம் மடங்கு பெரிதாகி, கம்பி ஐம்பதாயிரம் டன் தாங்கும் என்று வரும். சரியான விடை அரைக் கிலோநியூட்டன், தேவை 2.38. இழுவிசையில் பத்து மடங்கு தாராளமாக இருந்த அதே கம்பி, காற்று தூக்கும்போது தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே தாங்கி வில்லாக வளையும். கம்பி பலவீனம் என்பதல்ல, மெல்லியது என்பதே காரணம். உருட்டுக் கம்பியின் சுழல் ஆரம் விட்டத்தில் கால்பங்கு, 3 மி.மீ. 2000-ஐ 3-ஆல் வகுத்தால் மெலிவு விகிதம் 667. காற்றால் மட்டும் அமுக்கம் வரும் உறுப்புக்கே IS 800 விதிக்கும் வரம்பு 250.

கம்பிக்குப் பதில் பட்டறைக்காரர்கள் ஒரு இன்ச் பைப் என்று சொல்வதைப் போடலாம்: வெளிவிட்டம் 33.7, சுவர்த் தடிமன் 3.2 மி.மீ. அதன் I சுமார் 36,000 மி.மீ.⁴, ஆய்லர் சுமை 17.8 கிலோநியூட்டன், மெலிவு விகிதம் 185. அனுமானத்தில் எழுதிவைத்த பாதுகாப்புக் காரணிகளை இப்போது சேர்க்கலாம். காற்றுக்கு 1.5, அதை எதிர்த்து நிற்கும் தகர எடைக்கு 0.9 மட்டும். கீழ்நோக்கிய கணக்கில் தகர எடையைக் கூட்டி எடுப்பது பாதுகாப்பு. தூக்கும் கணக்கிலோ அதே கூட்டல் ஆபத்து. சட்டம் உண்மையில் 15 கிலோ இல்லாமல் 8 கிலோ என்றால் தூக்கும் விசை இன்னும் ஏறும். காரணிகளோடு பைப்பில் வரும் அமுக்கம் 3.84 கிலோநியூட்டன், பைப் அதைத் தாங்கும்.

மிச்சம் இருப்பது சுவர். இதற்குத்தான் இரண்டாவது படம். கீழ்நோக்கிய சுமையில் C-யில் உள்ள போல்ட்டைப் பைப் 2.25 கிலோநியூட்டனால் வெளியே இழுக்கும், A-யில் கை சுவரை உள்ளே தள்ளும். 2.25 × 1.2 = 2.7 கிலோநியூட்டன்-மீட்டர், சுமையின் 2.7 × 1.0-உம் அதுவேதான். காற்று தூக்கும்போது நிலைமை தலைகீழ்: A-யில் உள்ள போல்ட்டை 1.9 கிலோநியூட்டன் வெளியே இழுக்கும். ஆகவே இரண்டு இடத்திலும் பிடுங்கலைத் தாங்கும் போல்ட் வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் தடிமனாக இருந்தாலும் அது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கான்கிரீட்டுக்கான விரியும் ஆங்கர் போல்ட்டை அதில் இறுக்கினால், பிடிப்பு ஏறுவதற்கு முன் காரை உதிரும் அல்லது செங்கல் பிளக்கும். கான்கிரீட்டுக்கென்று அட்டவணையில் உள்ள பிடுங்கு வலிமையை இந்தச் சுவருக்கு எழுதக் கூடாது. சுவரை முழுதாகத் துளைத்து, உட்பக்கம் 150-க்கு 150 மி.மீ. பிளேட் வைத்து நட்டு முடுக்கினால், 2.25 கிலோநியூட்டன் 22,500 சதுர மி.மீட்டரில் பரவி, சதுர மி.மீட்டருக்கு 0.1 நியூட்டனாக இறங்கிவிடும். துளைக்கும் இடம் எது என்பதை வரைபடத்தில் C-க்கும் A-க்கும் தனித்தனியாகக் குறித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடுங்கும் விசையையும் அது எந்தச் சுமைநிலையில் வந்தது என்பதையும் எழுத வேண்டும்.