பழைய இன்டர்னுக்கு அனுப்பும் அந்த நாலு வரி

நிறுவனத்துக்கு ஆள் எடுப்பது என் வேலை. எங்கள் குழுத் தலைவர் ஒருவர், முன்பு ஆறு மாதம் இன்டர்னாக இருந்த பெண்ணுக்கு ஒருமுறை இப்படி எழுதினார்: "நம் குழுவில் முழுநேர வேலை ஒன்று வந்திருக்கிறது. உன் ஞாபகம்தான் வந்தது. சீக்கிரம் வந்து சேர்."

பாசத்தில் எழுதியதுதான். ஆனால் வேலை உறுதி என்றே அந்தப் பெண் எடுத்துக்கொண்டார். வேறொரு நிறுவனத்தில் கடைசிச் சுற்று நேர்காணல் பாக்கி இருந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் எங்கள் விளம்பரம் வெளியானது. எல்லோரையும் போல விண்ணப்பித்து, இரண்டாம் சுற்றில் தேர்வாகாமல் போனார். இரண்டு வேலையும் கையைவிட்டுப் போயின.

தவறு "வந்து சேர்" என்ற இரண்டு சொல்லில் இருந்தது. இன்டர்னாக இருந்தவருக்குத் தன் பழைய தலைவரின் சொல் முடிவான சொல்லாகவே கேட்கும். விண்ணப்பிக்க அழைக்கிறோமா, வேலையே தருகிறோமா என்பதை நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். இப்போது நான் குழுத் தலைவர்களிடம் கொடுக்கும் மாதிரி இது:

"வணக்கம். நீங்கள் வேலை செய்த குழுவில் வாடிக்கையாளர் தரவு ஆய்வாளர் பணிக்கு முழுநேர இடம் ஒன்று திறந்திருக்கிறது. புகார்களை வகைப்படுத்தி நீங்கள் தயாரித்த அறிக்கையை இன்னும் பயன்படுத்துகிறோம். இந்தப் பணியும் அதே வகைதான். விருப்பமிருந்தால் 20ஆம் தேதிக்குள் விண்ணப்பியுங்கள். சம்பள வரம்பும் பணி விவரமும் இணைப்பில் உள்ளன. ஒரு எழுத்துத் தேர்வு, இரண்டு நேர்காணல் உண்டு. மற்றவர்களும் விண்ணப்பிப்பார்கள், அதனால் கையில் இருக்கும் வாய்ப்புகளை விட வேண்டாம். இப்போது வேண்டாம் என்றாலும் சரி."

இதில் பலர் வெட்டிவிட நினைப்பது "கையில் இருக்கும் வாய்ப்புகளை விட வேண்டாம்" என்ற பகுதியை. ஆர்வத்தைக் குறைத்துவிடும் என்கிறார்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான வரி. அறிக்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பதால், எல்லோருக்கும் அனுப்பிய செய்தி இல்லை என்று அவருக்கே தெரியும். ஆர்வத்துக்கு அது போதும்.

சம்பள வரம்பை முதலிலேயே காட்டுவதற்கும் காரணம் உண்டு. மறைத்தால், இன்டர்னாக வாங்கிய உதவித்தொகையை மனதில் வைத்தே பலர் தொகை கேட்கிறார்கள். ஒரே வேலைக்கு வெளியிலிருந்து வருபவரைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துவிடுகிறார்கள்.

எங்கே அனுப்புகிறோம் என்பதையும் பாருங்கள். இங்கே இருந்தபோது கொடுத்த அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டிருக்கும். இப்போது வேலை செய்யும் இடத்து முகவரிக்கு அனுப்பவே கூடாது; அங்குள்ளவர்கள் பார்க்க நேர்ந்தால் சிக்கல் அவருக்குத்தான். சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

தேர்வாகவில்லை என்றால், அழைத்தவரே அதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எங்களிடமிருந்து போனது, எல்லோருக்கும் தானாகப் போகும் நிராகரிப்பு மின்னஞ்சல் மட்டும்தான்.