காட்டர் பின் உள்ளே இருக்கும்போது நட்டைத் திருகாதீர்கள்

சென்ற வாரம் ஒரு மினி லோடு வண்டியின் முன் சக்கர அச்சு என் பட்டறைக்கு வந்தது. நுனியில் மூன்று நான்கு மரைகள் கிழிந்திருந்தன. குறுக்குத் துளைக்குள், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னின் உடைந்த துண்டு துருவோடு இறுகிக் கிடந்தது. பின் வெளியே வராததால் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி நட்டைத் திருகியதாக ஓட்டுநர் சொன்னார். இந்த மாதத்தில் இது மூன்றாவது அச்சு.

“பின் மெல்லிய கம்பிதானே, நட்டைச் சுழற்றினால் தானாக அறுந்துவிடும்” என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது அறுந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அறுந்த நுனிகள் நட்டுக்கும் மரைக்கும் இடையில் சிக்கி, நட்டு சுற்றும் தூரமெல்லாம் மரையை உழுதுகொண்டே போகும். டேப்பர் பேரிங் உள்ள இத்தகைய சக்கரத்தில், பின் செருக விளிம்பில் வெட்டுகள் உள்ள காஸில் நட்டு மிக இறுக்கமாக முடுக்கப்படுவதே இல்லை. பேரிங்கின் ஆட்டத்தைச் சரிசெய்யும் அளவுக்கு மட்டுமே அது இருக்கும். ஆகவே அந்த நட்டுக்கு நீளக் குழாய் தேவைப்படுகிறது என்றாலே, உங்களை எதிர்ப்பது பெரும்பாலும் பின்தான் என்று அறிந்து கையை நிறுத்துங்கள்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். துருப்பிடித்த நுனி முறியும்போது கண்ணை நோக்கித் தெறிக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெயைப் பின்னின் இரு பக்கமும் விட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள்; பிரேக் லைனிங் மீது எண்ணெய் படக் கூடாது. பிறகு பின்னின் வளைந்த கால்களை நோஸ் பிளேயரால் நிமிர்த்துங்கள். நிமிராத கால்களை நட்டின் விளிம்போடு சைடு கட்டரால் வெட்டிவிடலாம். அவற்றைக் காப்பாற்றி ஆக வேண்டியது எதுவும் இல்லை.

அடுத்து, துளையைவிடச் சிறிய பஞ்ச் என்ற இரும்புக் குச்சியைக் கால் பக்கத்தில் வைத்து, தலை இருக்கும் திசைக்கு மெல்லத் தட்டுங்கள். தலை சிறிது வெளியே வந்ததும் சைடு கட்டரால் அதைக் கவ்வி, நட்டின் மீது சாய்த்து நெம்பினால் பின் நழுவி வரும். அப்படியும் அசையாவிட்டால் நட்டு பின்னின் மீது சாய்ந்து அழுத்துகிறது என்று பொருள். அப்போது நட்டை இறுகும் திசையில் மயிரிழை அளவு மட்டும் நகர்த்தினால் அந்த அழுத்தம் விலகும். தலையும் காலும் முறிந்து துளைக்குள் துண்டு மட்டும் மிஞ்சினால், நட்டின் வெட்டுகள் வழியாக, துளையைவிடச் சற்றுச் சிறிய டிரில்லைக் கொண்டு நடுவில் துளைத்து, மீதியைப் பஞ்ச் குச்சியால் தள்ளுங்கள். கேஸ் தீயால் சூடாக்க வேண்டாம். பக்கத்திலேயே பேரிங்கும் கிரீஸும் இருக்கின்றன.

பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் செருகுவதையும், அதன் இடத்தில் ஆணியை மடக்கிப் போடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை வளைத்த காட்டர் பின் மறுபடி வளையும்போது கழுத்திலேயே விரிசல் விடும். துளைக்கு உரிய பருமனில் புதிய பின்னைப் போடுங்கள். மேலே மூட வேண்டிய கிரீஸ் மூடி தொலைந்திருந்தால் அதையும் அன்றே வாங்கிப் பொருத்துங்கள். என்னிடம் வந்த அந்த மூன்று அச்சுகளிலும் மூடி இல்லை.